மீட்டரில் ஒரே நம்பர், டம்ளரில் இரண்டு காபி

"அண்ணா, தண்டையார்பேட்டையில் அப்பா காலத்துக் காபித்தூள் கடை எங்களுடையது. வறுக்கிற மாமா கண்ணால் பார்த்துத்தான் இறக்குவார். நான் இப்போது ஒரு கலர் மீட்டர் வாங்கியிருக்கிறேன். போன வாரம் வறுத்த இரண்டு சாக்கு பீபெரி, இரண்டிலும் 'மீடியம்' என்று எழுதியிருக்கிறது, மீட்டரிலும் இரண்டும் 56. ஆனால் ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னொன்று புளிக்கிறது, பச்சை வாடையும் வருகிறது. மீட்டர் தப்பா, மாமா கண் தப்பா? மீடியம் என்றால் எந்த நம்பர் வர வேண்டும்?"

நம்பரில் சந்தேகப்பட வேண்டாம் தம்பி. கொட்டையை அப்படியே தட்டில் கொட்டி அளந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. முழுக்கொட்டையில் மீட்டருக்குத் தெரிவது மேல்தோலின் நிறம் மட்டும். மாமா கண்ணுக்கும் அதுதான் தெரிகிறது. இரண்டு பேரும் ஒரே மேல்தோலைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், டிகாக்‌ஷனில் இறங்குவதோ உள்ளே இருக்கிற பாகமும் சேர்த்து.

அதனால் முதல் வேலை, இரண்டு சாக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து ஒரே மாதிரி அரைத்து, தூளை அளந்து பாருங்கள். மீட்டரில் நம்பர் ஏற ஏற நிறம் வெளிறும், குறையக் குறையக் கருக்கும், அது தெரிந்திருக்கும். உதாரணத்துக்கு நல்ல சாக்கு தூளில் 61 வருகிறது, புளிக்கிற சாக்கு 71 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே இரண்டும் 56, உள்ளே பத்து நம்பர் வித்தியாசம். முதல் சாக்கில் வெளிக்கும் உள்ளுக்கும் இடைவெளி 5, இரண்டாவதில் 15. இரண்டாவது சாக்கில் தோல் மட்டும் மீடியம், நடுப்பகுதி இன்னும் லைட்டாகவே நிற்கிறது, சில கொட்டையில் அதுகூட இல்லை. புளிப்பும் பச்சைப்பயறு மாதிரி வாடையும் அங்கிருந்துதான் வருகிறது.

5 என்பதை நான் சும்மா சொல்லவில்லை. உலகம் முழுக்கக் காபி ருசி பார்க்கிறவர்கள் மாதிரி வறுவலுக்கு வைத்திருக்கிற அளவு, அக்ட்ரான் என்கிற கம்பெனி மீட்டரின் கூர்மே ஸ்கேலில் முழுக்கொட்டை 58, தூள் 63, ஒரு நம்பர் கூடக் குறையப் போகலாம். அதிலும் இடைவெளி 5தான். அது ருசி பார்ப்பதற்காக வறுக்கிற சின்ன சாம்பிளுக்கான அளவு, உங்கள் டிரம்மில் 10 கிலோ போடும்போது இடைவெளி கொஞ்சம் மாறும். ஆனால் 15 வந்தால் ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்திருக்கும்? கொட்டைக்கு வெளியிலிருந்துதான் சூடு போகிறது, உள்ளே போய்ச் சேர நேரம் வேண்டும். டிரம் ரொம்பச் சூடாக இருக்கும்போது பச்சைக்கொட்டையைக் கொட்டினாலோ, ஆரம்பத்திலேயே அடுப்பை முழுசாகத் திறந்து விட்டாலோ, தோல் சீக்கிரம் நிறம் பிடித்துவிடும், உள்ளே பின்தங்கும். பார்க்கிறவருக்கு நிறம் வந்துவிட்டது, இறக்கிவிடுவார். காலையில் முதல் ஈடு நன்றாக வந்து, மூன்றாவது நான்காவது ஈட்டில் இது நடப்பது ரொம்பச் சகஜம், ஏனென்றால் அதற்குள் டிரம்மின் இரும்பு நன்றாகச் சூடேறியிருக்கும், வறுக்கிறவரோ அதே அடுப்பு அளவில் வைத்திருப்பார். அந்த இரண்டு சாக்கும் அன்றைக்கு எத்தனையாவது ஈடு என்று மாமாவைக் கேளுங்கள். ஞாபகம் இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். திருத்துவதும் அதே இடத்தில்தான்: அடுத்த ஈட்டுக்கு முன் டிரம்மைக் கொஞ்சம் ஆறவிட்டு, முதல் சில நிமிடம் அடுப்பைத் தணித்து, கொட்டை முதல் தடவை வெடிக்கிற கிராக் சத்தம் கேட்ட பிறகு இறக்குவதற்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் கொடுப்பது. இடைவெளி குறைவது தூளை அளந்தால் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரொம்ப மெதுவாக, அரைமணி நேரம் இழுத்து வறுத்தால் வெளியும் உள்ளும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிடும், நம்பரைப் பார்த்தால் அழகாக இருக்கும், குடித்தால் வெந்த தவிடு மாதிரி சப்பென்று இருக்கும். இதை எந்த மீட்டரும் பிடிக்காது. அதற்கு நாக்குதான்.

இப்போது அளக்கிற முறைக்கு வருகிறேன், மீட்டரைத் திட்டுகிற பத்துப் பேரில் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒரே காபியை நைஸாக அரைத்தால் நம்பர் கூடும், அதாவது வெளிறிக் காட்டும், கொரகொரப்பாக அரைத்தால் குறையும். பொடி நுணுக்கமாக இருந்தால் வெளிச்சம் அதிகம் சிதறித் திரும்பி வருகிறது, அதனால்தான். நீங்கள் ஒரு நாள் ஃபில்டர் பதத்திலும் மறுநாள் கொரகொரப்பிலும் அரைத்து அளந்தால் வறுவலே மாறாமல் சில நம்பர் மாறிவிடும், அப்புறம் மாமாவோடு வீண் சண்டை. ஆகவே மிஷினில் ஒரு செட்டிங்கை இதற்கென்றே முடிவு செய்துகொள்ளுங்கள், அதை மாற்றாதீர்கள். கொட்டை நன்றாக ஆறியிருக்க வேண்டும். கிண்ணத்தில் தூளைக் கொட்டி ஒரு ஸ்கேலால் வழித்துச் சமப்படுத்துங்கள். அழுத்துவதானால் எப்போதும் அழுத்துங்கள், இல்லையென்றால் எப்போதும் அழுத்தாதீர்கள். ஒரு முறை பார்த்துவிட்டு நம்பரை எழுதிவிடக் கூடாது, கொட்டிக் கலக்கி மறுபடி நிரப்பி மூன்று முறை பார்த்து சராசரி எடுங்கள். மூன்றுக்குள் இரண்டு நம்பருக்கு மேல் ஆடினால் நிரப்புகிற விதத்தில் கோளாறு, அல்லது சருகு ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கிறது. பீபெரியின் நடுக் கோட்டுக்குள் மாட்டியிருக்கிற வெள்ளைச் சருகு அரைக்கும்போதுதான் வெளியே வரும், அது தூளை வெளுப்பாகக் காட்டும்.

உங்களைப் போன்ற கடைக்கு இன்னொரு சிக்கல், அரைக்கிற மிஷின். அதற்கு முன்னால் யாருக்காவது சிக்கரி போட்டு அரைத்திருப்பீர்கள், பல்சக்கரத்துக்கு நடுவில் அந்தத் தூள் நிற்கும். அளக்க வேண்டிய காபியிலேயே ஒரு பிடி போட்டு ஓட்டி, அந்தத் தூளைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த பிடியை அளங்கள். சிக்கரி கலந்த தூளை மட்டும் எக்காரணம் கொண்டும் அளக்காதீர்கள். சிக்கரிக்கென்று தனியாக ஒரு நிறம் உண்டு, அது கலந்த பிறகு வருகிற நம்பர் காபி வறுவலைப் பற்றி எதுவும் சொல்லாது. மீட்டரின் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிந்தாலும் நம்பர் நகரும். தினமும் துடையுங்கள், கூடவே கொடுத்த சரிபார்ப்பு வில்லையை வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மாமா கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். அவரை ஓரங்கட்டிவிட்டு மீட்டரைக் கையில் எடுத்தால் கடை கெட்டுப் போகும் என்பது என் கருத்து. வறுபடும்போது மீட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, அது இறக்கி ஆறிய பிறகு வருகிற பரிசோதனைச் சீட்டு. டிரம் ஓடும்போது கரண்டியில் எடுத்துப் பார்ப்பது, மூக்கில் வைப்பது, கிராக் சத்தம் அடங்குகிறதா அடுத்தது ஆரம்பிக்கிறதா என்று காது கொடுப்பது, இதெல்லாம் அவருடைய வேலை. அதோடு மீட்டர் சராசரியைத்தான் சொல்லும். கிண்ணத்தில் நாலைந்து வெளிறிய கொட்டை கிடந்தால், அது பிஞ்சாகப் பறித்த பழத்தின் கொட்டை, எவ்வளவு வறுத்தாலும் நிறம் பிடிக்காது, வேர்க்கடலை மாதிரி ருசி வரும். மாமா அதை ஒரு நொடியில் பார்த்துப் பொறுக்கிவிடுவார். கொட்டையின் முனை கருகியிருப்பதும், தட்டையான பக்கத்தில் வட்டமாகத் தீய்ந்திருப்பதும் அப்படித்தான். மீட்டர் கருகியதையும் வெளிறியதையும் கூட்டி வகுத்து, அருமையான ஒரு நடு நம்பரைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

கண்ணின் பலவீனம் ஞாபகத்தில் இருக்கிறது. இரண்டு தட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம் கண் சின்ன வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கும். நேற்றைய நிறத்தை நினைவில் வைத்து இன்றைக்கு ஒப்பிடச் சொன்னால் தோற்றுவிடும். அதிலும் வடசென்னைச் சந்துக் கடைகளில் வெளிச்சம் ஒரு நிலையில் இருப்பதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் தெரு வெளிச்சம், பத்து மணிக்கு மேல் எதிர்க்கட்டட நிழல், மழை நாளில் முழுக்க ட்யூப்லைட். மஞ்சள் பல்பின் கீழ் பழுப்பாகத் தெரிகிற கொட்டை வெள்ளை எல்இடியின் கீழ் கருப்பாகத் தெரியும். இதைவிட மோசமானது நத்தை வேகத்தில் நடக்கிற நகர்வு: இன்றைய ஈட்டை நேற்றைய ஈட்டோடு ஒப்பிட்டு, நாளைய ஈட்டை இன்றையதோடு ஒப்பிட்டு, ஆறு மாதத்தில் உங்கள் மீடியம் எங்கேயோ போயிருக்கும், ஒரு நாளும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் "முன்ன மாதிரி இல்லையேப்பா" என்று சொல்வார், நீங்கள் கொட்டையை மாற்றவே இல்லை என்று சத்தியம் செய்வீர்கள். மீட்டர் வாங்கிய காசு இந்த ஒரு விஷயத்துக்கே சரியாகிவிடும்.

எண்ணெய் விட்ட டார்க் வறுவலிலும் மீட்டருக்குத்தான் ஓட்டு. அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கு எல்லாம் கருப்பு, மேலே பளபளப்பு வேறு ஏமாற்றும். பழைய அக்ட்ரான் முதல் இப்போது கைக்கடக்கமாக வருகிற பல மீட்டர்கள் வரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த ஒளியில் நமக்கு ஒரே கருப்பாகத் தெரிகிற இரண்டு வறுவலும் தனித்தனியாகத் தெரியும்.

மாமாவுக்கு ஒரு உதவி செய்யுங்கள். கரண்டியைப் பார்க்கிற இடத்துக்கு மேலே ஒரே ஒரு வெள்ளை எல்இடி, பகலிலும் அது எரியட்டும், தெரு வெளிச்சம் படாமல் ஒரு தடுப்பு. உங்களுக்குப் பிடித்த ஈட்டிலிருந்து கொஞ்சம் கொட்டையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு விளக்கின் கீழ் வைத்துவிடுங்கள், அதோடு ஒப்பிட்டு இறக்கட்டும். குப்பியில் இருக்கிற கொட்டை நாளாக ஆக எண்ணெய் கசிந்து கருத்துத் தெரியும். எனவே அதை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும், மாற்றும்போது புதிய கொட்டையின் நம்பர் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். கண்ணும் மீட்டரும் சேர்ந்து வேலை செய்வது இப்படித்தான். காசு இருந்தால் அக்ட்ரான் நிற வில்லைகள் வாங்கலாம், 25 முதல் 95 வரை பத்துப் பத்தாக எட்டு வில்லை, நிறம் மாறாது. ஆனால் பத்து நம்பர் இடைவெளி உங்கள் வேலைக்குக் கொஞ்சம் பெரியது.

சரி, மீடியம் என்றால் எந்த நம்பர்? அப்படி ஒரு நம்பர் கிடையாது. நுங்கம்பாக்கம் பக்கம் புதிதாக வந்திருக்கிற கஃபேக்களில் மீடியம் என்று பாக்கெட்டில் எழுதி விற்பதை உங்கள் கடை மாமாவிடம் காட்டினால் "இது இன்னும் வேகலையே" என்பார். உங்கள் மீடியத்தை அவர்களிடம் கொடுத்தால் டார்க் என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் கடையில் இருக்கிற மூன்று டப்பாவில் நடு டப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சிட்டி, ஃபுல் சிட்டி, வியன்னா, ஃபிரெஞ்ச், இத்தாலியன் என்று வெளிநாட்டுப் பெயர்கள் வேறு இருக்கின்றன, கேட்க எடுப்பாக இருக்கும். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதில் இரண்டு வறுப்பவர்கள் ஒத்துப்போவது அபூர்வம்.

நம்பரும் ஸ்கேல் பெயர் இல்லாமல் வந்தால் இதே கதைதான். அக்ட்ரானிலேயே கூர்மே என்று ஒரு ஸ்கேல், கமர்ஷியல் என்று ஒரு ஸ்கேல். வேறு கம்பெனி மீட்டர்கள் அவர்கள் இஷ்டத்துக்கு வேறு எண் வைத்திருக்கிறார்கள், சிலர் அக்ட்ரானுக்கு மாற்றிக் காட்டுவதாகச் சொல்வார்கள், அதுவும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. அதனால் சப்ளையர் போனில் "55க்கு வறுத்திருக்கேன் சார்" என்று சொன்னால் எந்த மீட்டர், முழுக்கொட்டையா தூளா என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்த 55ஐ மறந்துவிடலாம்.

நிறம் ஒன்றாக இருந்தாலும் கொட்டை வேறு என்றால் ருசியை அதிலிருந்து ஊகிக்க முடியாது. மான்சூன்டு மலபார் பச்சையாக இருக்கும்போதே வைக்கோல் நிறத்தில் உப்பிப்போய் இருக்கும், வறுக்கும்போது நிறம் சீராக ஏறாது. ரோபஸ்டாவை அதே 55க்கு வறுத்தாலும் பிளான்டேஷன் ஏ அராபிகா மாதிரி வராது, கசப்பும் கனமும் தனி. எனவே நம்பர் என்பது ஒரே கொட்டையை, ஒரே டிரம்மில், ஒரே முறையில் திரும்பத் திரும்பச் செய்வதற்கு உதவுவது. ஒவ்வொரு கொட்டைக்கும் உங்களுக்குப் பிடித்த நம்பரை நீங்களே குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பெயர் குழப்புவது கல்லாவுக்கு வெளியே நிற்கிறவர் விஷயத்தில்தான் ரொம்ப அதிகம். வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்து "நல்லா டார்க்கா குடுப்பா" என்கிறார். அவருக்கு வேண்டியது டார்க் வறுவலா? பெரும்பாலும் இல்லை. டிகாக்‌ஷன் கெட்டியாக, கருகருவென்று இறங்க வேண்டும், பால் ஊற்றினாலும் நிறம் நிற்க வேண்டும், அதைத்தான் அவர் டார்க் என்கிறார். அந்த நிறத்தையும் கெட்டியையும் கொடுப்பதில் பெரிய பங்கு சிக்கரிக்கு, அப்புறம் அரைவைப் பதத்துக்கு, கொஞ்சம் ரோபஸ்டாவுக்கு. நீங்கள் அவர் சொல்லைக் கேட்டு வறுவலைக் கருக்கினால் அடுத்த வாரம் வந்து "கசக்குதுப்பா" என்பார், உங்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் லைட்டா மீடியமா டார்க்கா என்று கேட்பதை விட்டுவிட்டு, கசப்பு தூக்கலாக வேண்டுமா, டிகாக்‌ஷன் கெட்டியாக வேண்டுமா, பால் எவ்வளவு ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். கசப்பு என்றால் வறுவலைத் தொடலாம். கெட்டி என்றால் சிக்கரியையும் அரைவையையும் மாற்றுங்கள். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் போட வேண்டும், அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டில் என்ன எழுதுவது? கொட்டையின் பெயர், அன்றைக்கு எத்தனையாவது ஈடு, எத்தனை நிமிடம், முழுக்கொட்டை நம்பர், தூள் நம்பர், எடை. எடை என்பது காசு செலவில்லாத இரண்டாவது மீட்டர். 10 கிலோ போட்டு 8.5 கிலோ இறங்கினால் இழப்பு 15 சதவீதம், அது நடுத்தர வறுவலில் வழக்கமாக வருகிற அளவு. புளிக்கிற சாக்கு வறுத்த அன்று எடை குறித்திருந்தால் 8.7, 8.8 கிலோ என்று இருந்திருக்கும், உள்ளே வேகாத கொட்டை கனமாகத்தான் இருக்கும். மேல்தோலின் நிறம் மறைத்ததைத் தராசு காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் நம் ஊர் கடற்கரை ஊர். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் பச்சைக்கொட்டைச் சாக்கு சுவரோரம் கிடந்தால் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். 11 சதவீதம் ஈரம் இருந்தது 13 ஆனால் வறுவல் மாறாமலே எடை இழப்பு இரண்டு சதவீதம் போல் கூடிக் காட்டும். மழைக்காலத்தில் எடை ஒன்று சொல்கிறது, தூள் நம்பர் வேறு சொல்கிறது என்றால் முதலில் சாக்கைச் சந்தேகப்படுங்கள், அதைத் தரையிலிருந்து தூக்கி மரப்பலகை மேல் வையுங்கள்.

அந்தப் புளிக்கிற சாக்கை மறுபடி டிரம்மில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடாதீர்கள். ஏற்கெனவே ஈரம் போன தோல் இன்னும் தீயும், உள்பக்கம் வெந்தாலும் வாசனை வராது. டீக்கடைகளுக்குத் தள்ளிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், புளிப்பு தூக்கலான டிகாக்‌ஷனைக் கொஞ்சம் பழைய பாலில் ஊற்றினால் பால் திரியும், பழி உங்கள் தூள் மேல்தான் விழும். நன்றாக வெந்த, கொஞ்சம் டார்க்கான ரோபஸ்டாவோடு பத்துக்கு ஒரு பங்கு மட்டும் கலந்து, முதலில் வீட்டில் ஒரு டம்ளர் போட்டுக் குடித்துப் பாருங்கள். அதிலும் பச்சை வாடை தெரிந்தால் விற்க வேண்டாம், மிஷினைச் சுத்தம் பண்ண ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.